ஒன்பதில் முடியும் விலை: எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது

2025 செப்டம்பர் 30 முதல் மலேசியக் குடிமக்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டருக்கு 1 வெள்ளி 99 காசு. அதற்கு முன்பு 2 வெள்ளி 5 காசு. குறைந்தது ஆறே காசுதான். நாற்பது லிட்டர் நிரப்பினால் மிச்சமாவது 2 வெள்ளி 40 காசு; மாமாக் கடையில் ஒரு தே தாரிக்கோடு தீர்ந்துபோகும். இருந்தாலும் செய்தி வந்த நாளில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: பெட்ரோல் இரண்டு வெள்ளிக்குக் கீழே இறங்கிவிட்டது. ஐந்து காசு மட்டும் குறைத்து 2 வெள்ளி என்று நிறுத்தியிருந்தால் அந்தப் பேச்சு எழுந்திருக்காது. கடைசி ஒரு காசுதான் முதல் இலக்கத்தை மாற்றியது. கடைக்காரர்கள் நூறாண்டுக்கும் மேலாகக் கையாளும் கணக்கை அரசாங்கமும் ஒருமுறை கையில் எடுத்தது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு ஏன் பலிக்கிறது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு. பங்சார் போன்ற இடத்தில் கடை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். குழப்பத்தின் விலையைக் கொடுப்பது அவர்களிலும் உயர்தரப் பொருள் விற்பவர்கள்தான்.

முதல் விளக்கம் கண்ணைப் பற்றியது. நாம் எண்ணை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். 39.90 என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் மனம் ‘முப்பத்துச் சொச்சம்’ என்று ஒரு அளவைப் பிடித்துவிடுகிறது. மீதி இலக்கங்களைப் படித்து முடிப்பதற்குள் அந்த அளவு பதிந்துவிடும். 2005இல் மனோஜ் தாமஸ், விக்கி மோர்விட்ஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. ஒன்பது இருந்தால் மட்டும் போதாது, அந்த ஒன்பதால் இடப்பக்க இலக்கம் மாறவேண்டும். 3.00 என்பது 2.99 ஆனால் விலை கணிசமாகக் குறைந்ததுபோல் தோன்றும். 3.60 என்பது 3.59 ஆனால் யாருக்கும் எதுவும் தோன்றாது. ஆகவே 43.90 என்று விலைச்சீட்டு ஒட்டுகிறவர் பத்துக் காசை வீணாகத் தந்துவிடுகிறார். 44ஐ 43 ஆக்கியதால் கிடைக்கும் லாபம், 40ஐ 39 ஆக்குவதால் கிடைக்கும் லாபத்தில் சிறு பங்குகூட இராது.

இரண்டாவது விளக்கம் அர்த்தத்தைப் பற்றியது. இத்தனை காலமாக ஒன்பதை மலிவு விற்பனையோடும் கழிவோடும் சேர்த்தே பார்த்துப் பழகியதால், அந்த இலக்கமே ஒரு அறிவிப்புப் பலகையாகிவிட்டது. ‘இங்கே விலை குறைவு’ என்று எழுதாமலே அது சொல்லிவிடும். இதற்கு எரிக் ஆண்டர்சன், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2003இல் வெளியிட்ட பரிசோதனை நல்ல சான்று. அமெரிக்காவில் தபால்வழி ஆடை விற்கும் நிறுவனத்தின் விலைப்பட்டியலில், ஒரே உடுப்பை ஒரு பகுதியினருக்கு 34 டாலர், இன்னொரு பகுதியினருக்கு 39, மூன்றாவது பகுதியினருக்கு 44 என்று அச்சிட்டார்கள். 34க்கு 16 விற்றன. 44க்கு 17. நடுவிலிருந்த 39க்கு 21. ஐந்து டாலர் கூட்டியும் அதிகம் விற்றிருக்கிறது. முதல் இலக்கமோ 34, 39 இரண்டிலும் மூன்றேதான். கண் ஏமாறியது என்ற விளக்கம் இங்கே செல்லாது. இலக்கம் ஏதோ சொல்லியிருக்கவேண்டும். அதே ஆய்வில் இன்னும் இரண்டு விவரங்கள் உண்டு. புதிதாக அறிமுகமான பொருளில் ஒன்பதின் வேலை அதிகம். பக்கத்தில் ‘தள்ளுபடி’ என்ற குறிப்பு ஏற்கெனவே இருந்தால் அந்த வேலை குறைந்துவிடுகிறது. ஒரே சேதியை இரண்டு தடவை சொல்வதில் பயனில்லை என்பது போலத்தான்.

எல்லாச் சான்றும் ஒரே திசையில் போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1936இல் எலி கின்ஸ்பெர்க் ஒரு பெரிய தபால்வழி விற்பனை நிறுவனத்தில் நடந்த சோதனையை எழுதிவைத்தார். சில பொருள்கள் வட்ட விலையில் கூடுதலாக விற்றன, சில குறைந்தன. லாபமும் நட்டமும் ஒன்றையொன்று ஈடுகட்டியதுபோல் ஆயிற்று. அறுபது ஆண்டு கழித்து, 1996இல், ராபர்ட் ஷிண்ட்லரும் தாமஸ் கிபேரியனும் பெண்கள் ஆடைப் பட்டியலின் 90,000 பிரதிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்றில் விலைகள் 00இல் முடிந்தன, ஒன்றில் 99இல், ஒன்றில் 88இல். 99 பட்டியல் 00 பட்டியலைவிட சுமார் 8 விழுக்காடு அதிகம் விற்றது. 88இல் முடிந்ததோ, இன்னும் பதினொரு காசு மலிவாக இருந்தும், வட்ட விலையைப் பெரிதாக மிஞ்சவில்லை. வாடிக்கையாளர் காசைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பவராக இருந்தால் இப்படி நடக்காது.

மலேசியாவில் இந்தக் கதைக்கு ஒரு தனித் திருப்பம் இருக்கிறது. 2008 ஏப்ரல் 1ஆம் தேதி பேங்க் நெகாரா ஒரு காசு நாணயத்தை விலக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ரொக்கமாகக் கொடுக்கும்போது மொத்தத் தொகை அருகிலுள்ள ஐந்து காசுக்கு மாற்றப்படும். 1, 2 கீழிறங்கும், 3, 4 ஐந்தாகும், 6, 7 ஐந்துக்கு இறங்கும், 8, 9 பத்தாகும். 9.99க்கு ஒரு பொருள் வாங்கினால் பத்து வெள்ளியே கொடுக்கிறோம். மூன்று வாங்கினால் 29.97, அது 29.95 ஆகும். ஒற்றைப் பொருளில் அந்த ஒன்பது வெறும் எழுத்து. கைக்கு மீதம் வருவதில்லை. பேரங்காடிகளில் 99 இன்னும் தொங்குகிறது, ஆனால் மற்ற இடங்களில் ஒன்பது ஓரிலக்கம் இடம்பெயர்ந்துவிட்டது: 9.90, 19.90, 29.90. உடுப்புக் கடை, பாத்திரக் கடை, கைப்பேசிக்கு உறை விற்கும் கடை எல்லாவற்றிலும் இதுதான். இஸ்ரேலில் இதே மாற்றம் சட்டத்தால் நடந்தது. 2014 தொடக்கத்திலிருந்து அங்கே விலையின் கடைசி இலக்கம் சுழியாகத்தான் இருக்கவேண்டும் என்று விதித்தார்கள். கடைக்காரர்கள் வட்ட விலைக்குப் போகவில்லை, 90க்குப் போனார்கள். அவிச்சாய் ஸ்னீர், டேனியல் லெவி முதலியோர் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நாணயம் செத்தாலும் இலக்கம் சாகவில்லை என்பதிலிருந்து ஒன்று தெளிவாகிறது: கல்லாப்பெட்டியைத் திறக்கவைத்து ஊழியர் திருடாமல் தடுக்கவே ஒன்பது பிறந்தது என்ற பழைய கதை உண்மையோ பொய்யோ, இன்று அது பிழைத்திருப்பதற்குக் காரணம் சில்லறை அல்ல.

பங்சாருக்கு வருவோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் விலையின் வாலைக் கவனித்துக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பேட்டை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாலை இரவுச் சந்தையில் காய்கறியும் அப்பமும் வட்ட விலையில்தான். கூவி விற்பவருக்கு இரண்டு, ஐந்து, மூன்று எடுத்தால் பத்து. அங்கே ஒன்பது எடுபடாது, ஏனென்றால் விலையைப் படிப்பதில்லை, கேட்கிறோம். வாயால் சொல்லும்போது இடப்பக்கம் வலப்பக்கம் என்ற பேச்சே இல்லை. பங்சார் வில்லேஜுக்குள் நுழைந்தால் மளிகைத் தட்டுகளில் 90ம் 99ம் வரிசை கட்டி நிற்கும். தெலாவி சாலைகளில் காப்பிக் கடை, உணவகம் ஆகியவற்றின் பட்டியலைப் புரட்டினால் ‘38’ என்று மொட்டையாக இருக்கும். ஆர்எம் என்ற குறியுமில்லை, புள்ளியுமில்லை. கூப்பிடு தூரத்தில் இருக்கும் பிரிக்பீல்ட்ஸ் புடவைக் கடையில் 199 என்று எழுதியிருந்தால் அது பேச்சுவார்த்தையின் தொடக்கம் மட்டுமே. “அண்ணே, நூத்தி எண்பதுக்குக் குடுங்க” என்று ஆரம்பித்தபின் ஒன்பதின் மாயமெல்லாம் போயிற்று. பேரம் நடக்கும் கடையில் விலைச்சீட்டு ஒட்டுபவர் இறங்குவதற்கு இடம் வைத்து எழுதவேண்டும், இலக்கத்தை நம்பி எழுதக்கூடாது.

இன்னொன்று. நம்மவர்கள் மொய் எழுதும்போது 51, 101 என்று ஒன்றைக் கூட்டி வைப்பார்கள். சீன வாடிக்கையாளருக்கு 88ம் 188ம் மங்கலம், நாலு ஆகாது. சீனப் புத்தாண்டுக்கு முன் பங்சார் உணவகங்களில் விருந்துத் தொகுப்பின் விலை எட்டில் முடிவதற்குக் காரணம் அதுதான். மேற்கத்திய ஆய்வை எடுத்து அப்படியே இங்கே பொருத்துகிறவர்கள், எட்டு இங்கே கழிவையும் சொல்லாது, தரத்தையும் சொல்லாது, நல்ல நாளைச் சொல்லும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

உணவகத்தில் ஒன்பது ஏன் சரிப்படாது என்பதற்குப் பகட்டைத் தவிர ஒரு கணக்கும் உண்டு. பட்டியலில் விலைக்குப் பின்னால் நிற்கும் இரண்டு கூட்டல் குறிகள் எல்லாருக்கும் தெரிந்தவை: பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், ஆறு விழுக்காடு சேவை வரி. 39.90 என்று போட்டால் கட்டணம் 3.99, வரி 2.39, ஆக 46.28, ரொக்கத்தில் 46.30. 40 என்று போட்டால் 46.40. முப்பத்துச் சொச்சம் என்று நினைத்து ஆர்டர் செய்தவரின் பில் இரண்டு வகையிலும் நாற்பத்தாறில் தொடங்குகிறது. கடைக்காரர் பத்துக் காசை விட்டுக்கொடுத்து வாங்கிய நல்லெண்ணம் மேசையைவிட்டு எழுந்திருக்கும்போது கசப்பாகத் திரும்பி வரும். வரி, கட்டணம் எல்லாம் அடங்கிய நிகர விலையாக எழுதும் கடையில் மட்டுமே ஒன்பது கல்லா வரைக்கும் உயிரோடு போய்ச் சேரும்.

உயர்தரப் பெயரை ஒன்பது எப்படிக் கெடுக்கிறது என்பதில்தான் விஷயம் ஆழமாகிறது. பொதுவாகச் சொல்லப்படுவது ‘மலிவாகத் தெரியும்’ என்பது. அது பாதி உண்மை. மார்க் ஸ்டைவிங் 2000இல் இதை ஒழுங்காக வாதிட்டுக் காட்டினார். பொருளின் தரத்தை வாங்குபவரால் நேரில் கணிக்க முடியாதபோது, விலையே தரத்துக்குச் சாட்சியாகிறது. ‘என் பொருள் உயர்ந்தது’ என்று விலையால் சொல்ல நினைக்கும் கடை 39.90 என்று எழுதினால் இரண்டு குரலில் பேசுகிறது. உயர்ந்தது என்கிறது, கூடவே விலை குறைவு என்றும் கெஞ்சுகிறது. கைத்தறிப் புடவை, வாசனைத் திரவியம், முகப்பூச்சு, திராட்சை மது, தனிப்பட்டறையில் வறுத்த காப்பிக்கொட்டை ஆகியவற்றில் இந்த முரண்பாடு வலிக்கும். வாங்குபவருக்கு நூலின் எண்ணோ வறுத்த பக்குவமோ தெரியாது, விலைதான் தெரியும்.

மோனிகா வாத்வா, குவாங்ஜியே ஜாங் இருவரின் 2015ஆம் ஆண்டு ஆய்வு இன்னொரு கோணத்தைத் திறந்தது. வட்ட எண் மனத்துக்குள் வழுக்கிக்கொண்டு போகும், யோசிக்க வைக்காது. ஆசைப்பட்டு வாங்கும் பொருளில் அது ‘சரியாக இருக்கிறது’ என்ற உணர்வைத் தருகிறது. ஷாம்பெயின் 40 டாலருக்கு வைத்தபோது மக்கள் காட்டிய விருப்பம், 39.72க்கு வைத்தபோதும் இல்லை, 40.28க்கு வைத்தபோதும் இல்லை. கணக்குப் போடும் கருவியில் இது தலைகீழானது. அங்கே வட்டமில்லாத விலையே எடுபட்டது. அறிவால் ஆராய்ந்து வாங்கும் பொருளுக்குத் துல்லியமான விலை, மனம் இழுத்து வாங்கும் பொருளுக்கு வட்ட விலை. ஒரே கடையில் இரண்டும் இருக்கலாம்: காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரத்துக்கு 389, கோப்பையில் ஊற்றித் தரும் காப்பிக்கு 16.

ஆனால் என் கணிப்பில் பங்சார் கடைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய மிக முக்கியமான ஆய்வு வேறு. ஜுன்ஹா கிம், செலின் மல்கோச், ஜோசப் குட்மன் மூவரும் அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் காப்பி விற்றார்கள். சில வேளைகளில் சின்னக் கோப்பை 95 சென்ட், பெரியது 1.20. மற்ற வேளைகளில் சின்னது 1 டாலர், பெரியது 1.25. வித்தியாசம் இரண்டிலும் 25 சென்ட்தான். முதல் விலையில் 29 விழுக்காட்டினர் பெரிய கோப்பைக்குப் போனார்கள். இரண்டாவதில் 56 விழுக்காடு. காரணம் இதுதான்: 95லிருந்து 1.20க்குப் போகும்போது ஒரு டாலர் என்ற வாசற்படியைத் தாண்டவேண்டியிருக்கிறது. 1 டாலரில் தொடங்கினால் படியை ஏற்கெனவே தாண்டியாயிற்று, மேலே போவது எளிது. சின்னக் கோப்பையை விற்க உதவும், படிக்குச் சற்றே கீழான அதே விலை, பெரிய கோப்பைக்கு எதிரியாகிறது.

உயர்தரப் பெயரின் வருமானம் எங்கிருந்து வருகிறது? அடிப்படைப் பொருளிலிருந்து அல்ல. அதற்கு மேலே ஒரு படி ஏறுபவர்களிடமிருந்து. தெலாவியில் ஒரு காப்பிக் கடையைக் கற்பனை செய்து கணக்குப் போடுவோம். சின்னது 9.90, பெரியது 12.90. சின்னதற்கு ஆகும் செலவு 6 வெள்ளி, பெரியதற்கு 7. நூறு பேர் வருகிறார்கள், அவர்களில் 29 பேர் பெரியது எடுக்கிறார்கள். 71 பேரிடம் தலைக்கு 3.90 வீதம் 276.90, 29 பேரிடம் 5.90 வீதம் 171.10. மொத்த லாபம் 448 வெள்ளி. இப்போது 10, 13 என்று மாற்றுவோம். 56 பேர் பெரியது எடுத்தால் 44 பேரிடம் 176, 56 பேரிடம் 336, மொத்தம் 512. தலைக்கு 5.12. வட்ட விலையைப் பார்த்து நூற்றில் பன்னிரண்டு பேர் ஓடிப்போனாலும் பழைய லாபம் கெடாது.

அமெரிக்க மாணவர்களின் எண்ணை அப்படியே பங்சாருக்கு இறக்குமதி செய்வது பேராசை. பெரிய கோப்பைக்கு மாறுபவர்கள் 29லிருந்து 34 ஆக மட்டும் உயர்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால்? 66 பேரிடம் 264, 34 பேரிடம் 204, ஆக 468. இப்போது நூற்றில் நாலு பேரை இழந்தால் தாங்கும், ஐந்தாவது ஆள் போனால் நட்டம். எனவே எல்லாம் தங்கியிருப்பது இரண்டு எண்களில்: எத்தனை பேர் மேலே ஏறுகிறார்கள், எத்தனை பேர் வாசலிலேயே திரும்பிப் போகிறார்கள். ஒற்றைப் பொருள் விற்பவருக்கு முதல் எண் கிடையாது. அவருக்கு 9.90தான் புத்தி, பத்துக் காசு விட்டதை ஈடுகட்ட, 6 வெள்ளிச் செலவில், நூறு விற்ற இடத்தில் 103 விற்றால் போதும். பெரும்பாலான ஆய்வுகளைப் பார்த்தால் அதுகூட விற்காது என்று சொல்வது கடினம்.

இதே படி எல்லா இடத்திலும் மறைந்திருக்கிறது. தலைமுடி வெட்ட 49, வெட்டிக் கழுவி எண்ணெய் தேய்க்க 65 என்று வைக்கும் சலூன், 50ம் 66ம் வைத்துப் பார்க்கலாம். ரவிக்கை தைக்க 95 வாங்கும் தையலகம், உள்துணி வைத்துத் தைக்க 120 என்று சொன்னால் அக்கா யோசிப்பார். 100, 125 என்றால் யோசனை குறையும். பழைய வாடிக்கையாளர் முதல் விலையைக் கேட்டு வாங்கப் போவதில்லை, இரண்டாவதைத்தான் எடைபோடுகிறார் என்று தெரிந்த கடைக்கு இது இன்னும் பொருந்தும்.

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். ஆப்பிள் நிறுவனம் மலேசியாவில் ஐபோனை 3,999 வெள்ளி போன்ற விலைகளில் விற்கிறது. 2024 ஜூனில் டிஆர்எக்ஸ் பேரங்காடியில் கடை திறந்தபோதும் ஒன்பதைக் கைவிடவில்லை. அதனால் அதன் மானம் போயிற்றா? இல்லை. காரணம் ஸ்டைவிங்கின் வாதத்திலேயே இருக்கிறது: ஐபோனின் தரத்தை யாரும் விலையைப் பார்த்து ஊகிப்பதில்லை. பெயர் அந்த வேலையை முடித்துவிட்டது. தவிர, கைப்பேசியை மற்ற மாதிரிகளோடு ஒப்பிட்டு, மாதத் தவணை கணக்கிட்டு வாங்குகிறோம். ஷாம்பெயின் வகையைவிடக் கணக்குக் கருவி வகைக்கு அது நெருக்கம். இந்த உதாரணத்தைக் காட்டி ‘ஆப்பிளே செய்கிறதே’ என்று நேற்று பிறந்த வாசனைத் திரவியத்துக்கு 199 போடுகிறவர்கள், ஆப்பிளின் இலக்கத்தை மட்டும் கடன் வாங்குகிறார்கள். பெயரை வாங்க முடியாது.

எதிர்த்திசையில் கெட்டவர் கதையும் உண்டு. 2012இல் அமெரிக்காவின் ஜேசிபென்னி கடைகளில் புதிய தலைவர் ரான் ஜான்சன் தள்ளுபடிச் சீட்டுகளை ஒழித்து, வாலில்லாத வட்ட விலைகளைக் கொண்டுவந்தார். அவர் ஆப்பிள் கடைகளை வளர்த்துக் காட்டியவர். அந்த ஆண்டு விற்பனை நான்கில் ஒரு பங்கு சரிந்தது, 2013 ஏப்ரலில் அவர் வெளியேறினார். வட்ட விலை மட்டுமே காரணம் என்று சொன்னால் தவறு. தள்ளுபடிச் சீட்டை வெட்டி வைத்துக்கொண்டு வருவதே அங்கே வாடிக்கையாளருக்குக் கொண்டாட்டமாக இருந்தது. ஆனாலும் நடுத்தரக் கடை ஒன்று ஒரே நாளில் உயர்தரக் கடையின் சட்டையை மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அது போதும்.

பல கடைகள் பிடித்துக்கொண்ட நடைமுறை ஒன்று எனக்குச் சரியாகப் படுகிறது: வழக்கமான விலை வட்டம், கழிவு விலை மட்டும் ஒன்பது. 320 வெள்ளிப் புடவை தீபாவளிக்குப் பின் 249 ஆனால், அந்த ஒன்பது தன் வேலையைச் செய்கிறது, 320இன் மரியாதையும் கெடவில்லை. ஆண்டு முழுவதும் 319 என்று தொங்கிய புடவை 249 ஆகும்போது யாருக்கும் வித்தியாசம் உறைப்பதில்லை. இதில் செய்யும் தப்பு, கழிவை நீட்டிக்கொண்டே போவது. நாலு மாதம் ஒன்பதில் தொங்கிய பொருளின் உண்மை விலை ஒன்பதுதான் என்று பங்சார் அக்காமார் முடிவு கட்டிவிடுவார்கள்; அதற்குப்பின் 320 என்று எழுதினால் கடை பொய் சொல்வதாகத்தான் தெரியும்.

மாற்றிப் பார்க்க நினைக்கும் கடைக்கு இரண்டு எச்சரிக்கை. சோதனையைப் பண்டிகை வாரத்திலோ பள்ளி விடுமுறையிலோ வைக்கக்கூடாது; ஒரு வாரம் பழைய விலை, மறுவாரம் புதிய விலை என்று மாற்றி மாற்றி இரண்டு மாதமாவது ஓட்டவேண்டும். பட்டியல் அச்சிடும் செலவு மிச்சமாக, கரும்பலகையில் எழுதும் இரண்டு மூன்று பொருளில் மட்டும் ஆரம்பிக்கலாம். இரண்டாவது, எத்தனை கோப்பை விற்றது என்று எண்ணக்கூடாது. கோப்பை எண்ணிக்கையில் 9.90 பெரும்பாலும் ஜெயிக்கும். ஒரு வாடிக்கையாளர் விட்டுச்சென்ற லாபம் எவ்வளவு, அவர்களில் பெரியதுக்கு ஏறியவர் எத்தனை பேர் என்ற இரண்டும் கல்லா இயந்திரத்தின் தினசரி அறிக்கையில் கிடக்கின்றன. வாசல்வரை வந்து பலகையைப் பார்த்துத் திரும்பியவர்களின் எண்ணிக்கை மட்டும் அதில் வராது. அதற்கு ஒரு ஆள் நின்று எண்ணித்தான் ஆகவேண்டும்.